ஹீட்டரைப் போட்டதும் கரன்ட் போகிறது: எம்சிபியை மாற்றுவதா, எலிமென்ட்டை மாற்றுவதா?

குளியலறை வாட்டர் ஹீட்டரின் சுவிட்சைத் தட்டிய நொடியிலேயே ‘டப்’ என்று கரன்ட் போகிறது. வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் முதலில் சொல்வது, “லோடு தாங்கல சார், 16 ஆம்பியரை எடுத்துட்டு 32 போட்டுடலாம்” என்பதுதான். செலவு குறைவு, வேலை பத்து நிமிடம். ஆனால் போட்ட நொடியில் விழுகிறது என்றாலே அது ஓவர்லோடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்சிபி. அது செய்யப்பட்டிருக்கும் விதமே அப்படி.

எம்சிபிக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, சூடேறினால் வளையும் இரட்டை உலோகத் தகடு. ஓவர்லோடைக் கவனிப்பது இதுதான். சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் இது நிதானமாகத்தான் வேலை செய்யும். 16 ஆம்பியர் எம்சிபியில் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது. 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 41 ஆம்பியர், அதாவது இரண்டரை மடங்கு ஓடினால்கூட விழுவதற்கு ஒரு நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகலாம். வீட்டு எம்சிபிகளுக்கான தர விதியே இதைத்தான் சொல்கிறது. இரண்டாவது ஏற்பாடு ஒரு காந்தச் சுருள். கரன்ட் பல மடங்கு எகிறினால் மட்டும் இது கண் இமைப்பதற்குள் லீவரைத் தள்ளிவிடும். ஷார்ட் சர்க்யூட்டுக்காக வைத்தது இது.

2000 வாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஏறக்குறைய பாதி லோடு. அதோடு அயர்ன்பாக்ஸ் ஒன்றைப் போட்டாலும் 13 ஆம்பியர்தான். 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரும் வெந்நீர் வசதியுள்ள வாஷிங் மெஷினும் அயர்ன்பாக்ஸும் ஒரே எம்சிபியிலிருந்து போகும் ஒரே வரியில் ஓடினால்தான் 26 ஆம்பியரைத் தொடும். அப்போதும் எம்சிபி பல நிமிடங்கள் தாங்கிவிட்டுத்தான் விழும். “குளிச்சு முடிக்கப் போற நேரத்துல போகுது” என்றால் ஓவர்லோடைச் சந்தேகிக்கலாம். “தொட்டதும் போகுது” என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

விழுந்தது எது என்று முதலில் பாருங்கள்

எம்சிபிகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து, கீழே இறங்கியிருக்கும் லீவர் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதைப் பார்க்காமலேயே பாதிப் பேர் மேலே தூக்கிவிடுவார்கள். தடயம் அங்கேயே அழிந்துவிடும்.

‘டெஸ்ட்’ என்றோ டி என்ற ஆங்கில எழுத்தோ போட்ட சிறு பொத்தான் உள்ளது ஆர்சிசிபி. நம் ஊரில் இதைப் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்பார்கள். சிங்கிள் பேஸ் வீட்டில் இரண்டு எம்சிபி அகலம் இருக்கும், மூன்று பேஸ் வீட்டில் நான்கு எம்சிபி அகலம். 30 மில்லியாம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பொத்தான் இல்லாமல், பி அல்லது சி என்ற எழுத்தும் 16, 20 போன்ற எண்ணும் மட்டும் இருப்பது எம்சிபி. பொத்தான், சி16 இரண்டும் ஒன்றாக இருந்தால் அது ஆர்சிபிஓ. இரண்டு வேலையையும் அதுவே செய்யும். அப்போது லீவரை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆர்சிசிபிக்கு லோடு எவ்வளவு என்று தெரியவே தெரியாது. பேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டுமே பார்க்கும். வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் கட்டாயம் விழ வேண்டும். 15ஐத் தாண்டியதிலிருந்தே விழலாம். ஹீட்டர் இழுக்கும் 8.7 ஆம்பியரில் முந்நூறில் ஒரு பங்கு எர்த் வழியாக வெளியேறினாலே போதும். ஆக, எம்சிபி மேலேயே நிற்க ஆர்சிசிபி மட்டும் விழுந்திருந்தால் அது கசிவு. எம்சிபியைப் பெரிதாக்குவதால் அங்கே எதுவும் மாறப்போவதில்லை. எம்சிபி மட்டும் விழுந்திருந்தால் ஷார்ட், இல்லையென்றால் மோட்டார் தொடக்கத்தில் இழுக்கும் கரன்ட். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பேஸ் நேராக எர்த்தைத் தொட்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனையோ 60 வாட் குண்டு பல்பையோ போடுங்கள். அதற்கும் ஆர்சிசிபி விழுந்தால் ஹீட்டர் குற்றவாளி இல்லை, ஒயரிங்கில்தான் கோளாறு. எங்கோ நியூட்ரல் மாறிப் போயிருக்கிறது. மாடி கட்டியபோதோ இன்வெர்ட்டர் வைத்தபோதோ ஒரு வரியின் பேஸை ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்தும் நியூட்ரலை அதற்கு முன்னாலிருந்தும் எடுத்திருப்பார்கள். அப்படியானால் 60 வாட் பல்பின் 260 மில்லியாம்பியரும் முழுக்கக் கசிவாகவே ஆர்சிசிபிக்குத் தெரியும். இந்தச் சோதனைக்கு 5 வாட் எல்இடி பல்ப் உதவாது. அது இழுப்பது மிகக் குறைவு, விழுமா விழாதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மீட்டர் சொல்வது

ஃபேன் ஓடுகிறது, ஹீட்டர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர், 2000 வாட், நான்கைந்து ஆண்டுகள் போர் தண்ணீரில் ஓடிய ஹீட்டர். நம் ஊர்களில் அடிக்கடி காண்பது இதுதான்.

பிளக்கைக் கையில் எடுங்கள். பிளக் இல்லாமல் நேராக வயரில் இணைத்திருந்தால் எம்சிபியை மட்டும் இறக்கினால் போதாது. அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். ஆர்சிசிபியையோ மெயினையோ இறக்கி, டெஸ்டரால் பார்த்துவிட்டு, இரண்டு வயரையும் கழற்ற வேண்டும். அதன் பிறகு மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஹீட்டரிலேயே சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டு வைத்துவிட்டு, பிளக்கின் மூன்று பின்களுக்கு இடையே அளக்க வேண்டும்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 26 அல்லது 27 ஓம்ஸ் காட்ட வேண்டும். 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் வருவது அதுதான். 3000 வாட் என்றால் 17.6. ஏறக்குறைய சுழியம் காட்டினால் ஷார்ட். அப்போது விழுவது எம்சிபியாகத்தான் இருந்திருக்கும். ஒன்றுமே காட்டவில்லை என்றால், தண்ணீர் சூடாக இருப்பதால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கலாம். தண்ணீர் ஆறிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்து, பேஸ் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கும், நியூட்ரல் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கும். நல்ல ஹீட்டரில் பல மெகாஓம்ஸ் இருக்கும், சாதாரண மீட்டர் எதையும் காட்டாது. இந்த ஹீட்டர் 4 கிலோஓம்ஸ் காட்டுகிறது என்போம். எலிமென்ட்டின் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்திருக்கிறது. உப்புப் படிந்த இடத்தில் சூடு வெளியேற முடியாமல் உறை அரித்து, உள்ளே கம்பியைச் சுற்றியுள்ள மெக்னீசியம் ஆக்சைடு தூளில் தண்ணீர் இறங்கிவிட்டது. எலிமென்ட்டே வெறும் 26 ஓம்ஸ் என்பதால், துளை எங்கே இருந்தாலும் பேஸ் பக்கமும் நியூட்ரல் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும்.

ஆனால் ஓடும்போது வரும் கசிவை நிர்ணயிப்பது துளை இருக்கும் இடம். துளை பேஸ் முனையருகே இருந்தால் அங்கே 230 வோல்ட் இருக்கும், 57 மில்லியாம்பியர் கசியும், ஆர்சிசிபி உடனே விழும். நடுவில் இருந்தால் 115 வோல்ட், 29 மில்லியாம்பியர். ஒரு நாள் விழும், ஒரு நாள் நிற்கும். நியூட்ரல் முனையருகே இருந்தால் வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை, அதே துளையோடு ஹீட்டர் மாதக்கணக்கில் ஓடும். “பக்கத்து ரூம் சாக்கெட்டுல போட்டா நல்லா ஓடுதே, அப்ப ஹீட்டர் சரிதானே?” என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. ஏதோ ஒரு சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம். அல்லது அந்த அறை ஆர்சிசிபிக்குள்ளேயே வராமல் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அது ஹீட்டருக்கு நற்சான்றிதழ் ஆகாது.

ஹீட்டர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே, வேறு ஏதோ பெரிய லோடைப் போட்டால் விழுகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. சுவரில் உள்ள சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிக்கிறது. நியூட்ரல் எலிமென்ட்டோடு இணைந்தே இருக்கும். கசிவு மோசமாகி உறையைத் தொடும் அளவுக்குப் போயிருந்தால், மற்ற சாதனங்களின் நியூட்ரல் கரன்ட்டில் ஒரு பங்கு இந்த வழியாக எர்த்துக்குப் போகும். அதனால் சந்தேகப்பட்ட சாதனத்தைச் சோதிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும்.

மல்ட்டிமீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அது கொடுப்பது சில வோல்ட்தான். நூலிழை விரிசல் அந்த வோல்டேஜில் நல்லதாகக் காட்டிவிட்டு 230இல் கசியும். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, ஆனாலும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் 500 வோல்ட் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் உள்ளவரைக் கூப்பிட வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிரே அளக்கச் சொல்லுங்கள். தனித்தனியே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 500 வோல்ட் கொடுத்தால், டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள ஹீட்டரில் போர்டு போய்விடும். ஒரு மெகாஓம்ஸுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை.

எலிமென்ட்தான் என்று உறுதி செய்ய, அடிமூடியைத் திறந்து எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றி, முனைக்கும் டேங்க் உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். அதே 4 கிலோஓம்ஸ் வந்தால் எலிமென்ட். கசிவு காணாமல் போனால் வயர், தெர்மோஸ்டாட், பைலட் லாம்ப் இவற்றில் ஒன்று. முனைகள்மீது ஈரமோ துருவோ தெரிந்தால் எலிமென்ட்டைத் தொடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

எலிமென்ட் மாற்றுவதுதான் இந்த நிலையில் சரியான செலவு. புது ஹீட்டரின் விலையில் அது சிறு பங்குதான். கடையில் வாட் அளவு, பிளேட்டின் துளைகள், நீளம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். போர் தண்ணீர் வீட்டுக்குச் செம்பு உறையைவிட இன்கலாய் உறை நீண்ட நாள் நிற்கும். கேஸ்கெட் புதிதாகவே போட வேண்டும். டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராட் உள்ளே இருந்து, அது பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. மறுபடி திறக்க வேண்டியிருக்காது. முடித்த பிறகு வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும்வரை டேங்கை நிரப்பிவிட்டுத்தான் கரன்ட் கொடுக்க வேண்டும். காலி டேங்கில் போட்டால் புது எலிமென்ட் அன்றைக்கே எரிந்துவிடும்.

தண்ணீர் கசிவது டேங்கின் வெல்டிங்கிலிருந்து என்றால் மட்டும் ஹீட்டரையே மாற்றுங்கள். ஒட்டிய டேங்க் நிற்பது அபூர்வம், சொட்டும் தண்ணீர் நேராக முனைகள்மீதுதான் விழும்.

எம்சிபியை 32 ஆக்குவது கசிவுக்குச் சம்பந்தமே இல்லாத வேலை. உண்மையான ஓவர்லோடுக்கும் அது தவறு. எம்சிபி காப்பது சாதனத்தை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. குளியலறைக்குப் போயிருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால், பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருக்கமாகக் கிடக்கும் அதற்கு 16, அதிகம் போனால் 20 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபிக்குப் பின்னால் அந்த வயர் மணிக்கணக்கில் 30 ஆம்பியரைச் சுமக்கும், எம்சிபி அசையாது. லோடு உண்மையிலேயே கூடிவிட்டதென்றால் டிபியிலிருந்து தனி வரி இழுப்பதே வழி. அதற்கும் முன்னால் எம்சிபியின் ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். தளர்ந்த முனை சூடாகி, அந்தச் சூட்டிலேயே சரியான லோடுக்கும் எம்சிபி விழும். பழுப்பேறிய பிளாஸ்டிக் அதைக் காட்டிக்கொடுக்கும்.

30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியை எடுத்துவிட்டு 100 போடுவதும் சிலர் செய்வதுதான். ட்ரிப் நிற்கும், கசிவு நிற்காது. 100 மில்லியாம்பியர் தீயைத் தடுக்க வைப்பது. ஈரக் கையோடு குழாயைத் தொடுபவரை அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விட மோசமானது பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடுவது. கசிவுக்கு வழி இல்லாததால் ஆர்சிசிபி அமைதியாகிவிடும், வேலை முடிந்ததுபோல் இருக்கும். டேங்கின் உலோகமும் தண்ணீரும் குழாயும் வோல்டேஜோடு காத்திருக்கும். அடுத்துக் குளிக்கப் போகிறவரின் உடம்புதான் அந்த எர்த் வயராக மாறும்.

“ஆர்சிசிபியே வேண்டாம், எர்த் குழிதான் இருக்கே, எம்சிபி பார்த்துக்கும்” என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் தனி எர்த் குழி, அதன் ரெசிஸ்டன்ஸ் நல்ல ஈரமான மண்ணில் 5 ஓம்ஸ் என்று வைப்போம். பேஸ் நேராக ஹீட்டரின் உலோக உடலைத் தொட்டால்கூட ஓடுவது 46 ஆம்பியர். சி16 எம்சிபியின் காந்தச் சுருள் கட்டாயம் இழுக்க 160 ஆம்பியர் வேண்டும், 80க்குக் கீழே அது அசையவே அசையாது. ஆகவே தகடு சூடாகும்வரை நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் குழி காய்ந்து 20 ஓம்ஸ் ஆகிவிட்டால் ஓடுவது 11.5 ஆம்பியர். எம்சிபிக்கு அது சாதாரண லோடு. அது ஒருபோதும் விழாது, ஹீட்டரின் உடலில் வோல்டேஜ் அப்படியே நிற்கும்.

ஹீட்டரில் கசிவு வந்தால் வீடே இருட்டாகிறது, அதுதான் தொந்தரவு என்றால், குளியலறை வரிக்கு மட்டும் தனி ஆர்சிபிஓ போடலாம். சி16, 30 மில்லியாம்பியர், கூடுமானால் ஏ வகை. இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள வாஷிங் மெஷின் அதே வரியில் வந்தால், சாதாரண ஏசி வகையைவிட ஏ வகை கசிவை நன்றாக உணரும். ஆனால் அதைப் பழைய 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிக்குப் பின்னாலேயே வைத்தால் பயன் இல்லை. கசிவு வரும்போது இரண்டில் எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து தனியே எடுக்க வேண்டும், அந்த வரியின் நியூட்ரலும் அந்த ஆர்சிபிஓ வழியாக மட்டுமே போக வேண்டும்.

மோட்டார் போட்டதும் விழுந்தால்

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எம்சிபியை மாற்றுவது சரியான தீர்வாக இருக்கலாம். அது தண்ணீர் மோட்டார். ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும். அந்த வரியில் பி10, அதாவது பி வகை 10 ஆம்பியர் எம்சிபி இருந்தால் அதன் காந்தச் சுருள் 30 முதல் 50 ஆம்பியருக்குள் எங்கோ இழுத்துவிடும். மோட்டாரில் கோளாறே இல்லாமல் போட்டதும் விழும். அங்கே 10 ஆம்பியரை அப்படியே வைத்துக்கொண்டு, பி வகையை மட்டும் சி வகையாக மாற்றினால் போதும். அது 50 ஆம்பியர்வரை கிளம்பவிடும், வயரின் பாதுகாப்பும் குறையாது.

நெடுநாள் நன்றாக ஓடிய மோட்டார் திடீரென்று இப்படிச் செய்தால் எம்சிபியைத் தொட வேண்டாம். ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டுச் சில நொடிகளில் விழுந்தால் கபாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் இம்பெல்லர் துருவில் பிடித்திருக்கும். கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, பின்பக்க ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் கபாசிட்டரை மாற்றலாம். சுற்ற மறுத்தால் பம்பைத் திறக்க வேண்டும். முனகலே இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் காயிலில் ஈரம் ஏறியிருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் என்றால் பெரும்பாலும் கேபிள் ஜாயின்ட்தான். குழாயை மேலே இழுத்து ஜாயின்ட்டை அறுத்து, மோட்டார் தனியாகவும் கேபிள் தனியாகவும் மெக்கரில் பார்த்த பிறகே ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். ஜாயின்ட் கெட்டதற்கு மோட்டாரை ரீவைண்டிங் செய்து காசு கொடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.